தாமதமான ரயிலும் கைக்கு வராத கட்டணமும்

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வந்து திரும்பும் கூட்டத்தில் பெரும் பகுதி சாத்தூர் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்ச் சேரும். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் பொங்கல் வைத்து முடித்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, இரவு ரயிலுக்காக நடைமேடையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர் மூவரை அழைத்துக்கொண்டு நானும் அங்கு அமர்ந்திருந்தேன். நான்கு படுக்கை இருக்கைகள், ஏறத்தாழ 1,500 ரூபாய்க் கட்டணம். 9.30 மணி அளவில் வரவேண்டிய ரயில் 12 மணி ஆகியும் வரவில்லை. காலையில் அலுவலகம் போகவேண்டிய அவசரம். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து சாலைக்கு வந்து பேருந்து ஏறிவிட்டோம். அந்த ரயில் ஒருமணிக்கு மேல்தான் சாத்தூருக்கு வந்தது என்பதைப் பேருந்தில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மறுநாள் காலை சென்னை போய்ச் சேர்ந்து, குளித்து, காபி குடித்துவிட்டு நிதானமாக விண்ணப்பித்தேன். வாரங்கள் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் ஒரே வரி: ரயில் புறப்பட்ட பிறகு விண்ணப்பிக்கப்பட்டது. அதிகாரிகளைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. விதியில் பாதியை மட்டும் அறிந்திருந்தது என் பிழை. ஆனால் அந்த மறுபாதியை அறிந்திருப்போர் நம்மில் எத்தனை பேர் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த பயணச்சீட்டு ரத்து மற்றும் கட்டணம் திருப்பித் தருதல் விதிகள் இப்படிச் சொல்கின்றன: பயணி ஏறும் நிலையத்தில், அட்டவணைப்படி புறப்படவேண்டிய நேரத்தைவிட மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயில் தாமதமாகி, பயணி அதில் செல்லாமல் இருந்தால், எந்தப் பிடித்தமும் இன்றி முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும். உறுதியான சீட்டு, ஆர்.ஏ.சி., காத்திருப்போர் பட்டியல் மூன்றுக்கும் இது பொருந்தும். ஆனால், அந்த ரயில் அந்த நிலையத்திலிருந்து உண்மையில் புறப்படுவதற்குள் கோரிக்கை வைத்துவிட வேண்டும். இணையத்தில் எடுத்த சீட்டு என்றால் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் File TDR என்ற பகுதிக்குச் சென்று, ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை என்ற காரணத்தைத் தேர்ந்து பதிவுசெய்ய வேண்டும். நிலையக் கவுன்டரில் எடுத்த சீட்டு என்றால் அதே கால எல்லைக்குள் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இங்கே இரு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கணக்கிடப்படுவது நாம் ஏறும் நிலையத்தின் தாமதம். திருநெல்வேலியில் இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் ரயில், சாத்தூருக்கு வருவதற்குள் மேலும் பின்தங்கி மூன்று மணி நேரத்தைத் தாண்டலாம். நான்கு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது வழியில் சற்று நேரத்தை ஈடுகட்டவும் செய்யலாம். கோரிக்கையைப் பரிசீலிக்கும் ரயில்வே மண்டலம் பார்ப்பது, கைப்பேசியில் நாம் கண்ட உத்தேச நேரத்தை அல்ல; நம் நிலையத்தில் பதிவான உண்மையான புறப்பாட்டு நேரத்தை. ஆகவே 2 மணி 50 நிமிடத் தாமதத்தில் வந்து சென்றுவிட்ட ரயிலுக்குக் கோரிக்கை நிற்காது. சாத்தூர் போன்ற ஊரில் இருப்பவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. திருநெல்வேலியிலிருந்து இங்கு வர ரயிலுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். 9.30 ரயிலுக்குரிய எல்லை 12.30. இரவு 11.30 ஆகியும் ரயில் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பவில்லை என்று ரயில்வேயின் என்.டி.இ.எஸ். சேவையோ 139 என்ற எண்ணோ சொன்னால், எல்லை தாண்டிவிடும் என்பது ஏறத்தாழ உறுதி. அதன்பின் வேறு வழியில் போவதென்று முடிவெடுத்தவர் நடைமேடையை விட்டு எழுவதற்கு முன்பே பதிவை முடித்துவிடலாம்.

இரண்டாவது நுட்பம், 'ரத்துசெய்' என்ற பொத்தானை அழுத்தக்கூடாது என்பது. ரயில் வெகுநேரம் தாமதமாகும், அல்லது மழையால் ரத்தாகக்கூடும் என்ற செய்தி வந்தவுடனேயே பலர் பதறிப்போய்ச் சீட்டைத் தாமே ரத்து செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது பயணியின் விருப்பப்படியான ரத்தாகக் கருதப்பட்டு வழக்கமான பிடித்தம் விழும். ஒருமணி நேரம் கழித்து ரயில்வேயே அந்த ரயிலை ரத்து செய்தாலும் போன பணம் போனதுதான்.

ரத்து என்ற சொல்லுக்கே எத்தனை பொருள் உண்டு என்பதை 2023 டிசம்பர் மழை தென்மாவட்டங்களுக்குக் காட்டியது. அம்மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லி அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட, மற்றவர்கள் நிலையத்திலேயே வெள்ளத்தின் நடுவே இருந்தனர். 19-ஆம் தேதிதான் அவர்கள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அந்த நாள்களில் இத்தடத்தில் சில ரயில்கள் முழுவதும் ரத்தாயின. சில பாதி வழியோடு நிறுத்தப்பட்டன. ஒரே மழைதான். ஆனால் பயணிகள் பணத்தைத் திரும்பப் பெறும் வழி வெவ்வேறு.

முழுவதும் ரத்தான ரயிலின் பயணிக்குச் சிக்கல் குறைவு. இணையத்தில் எடுத்தவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை; கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்குத் தானாகவே திரும்பிவிடும். இணைய வசதிக்கென்று தனியாக வசூலிக்கப்பட்ட சிறு தொகை மட்டும் வராது. கவுன்டரில் எடுத்தவர், ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து மூன்று நாள்களுக்குள் ஏதாவதொரு முன்பதிவுக் கவுன்டரில் சீட்டைக் கொடுத்து முழுத் தொகையும் பெறலாம்.

நடுவழியில் சிக்கியவர்களுக்கு வேறு கணக்கு. வெள்ளம், விபத்து, தடம் அரிப்பு ஆகியவற்றால் பயணம் இடையில் முறிந்து, ரயில்வேயால் நியாயமான நேரத்துக்குள் மாற்று ஏற்பாடு செய்து சேருமிடத்துக்கு அனுப்ப இயலாவிட்டால், பயணித்த தூரத்துக்கும் சேர்த்து முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். மாற்று ஏற்பாடு செய்தும் பயணி ஏற்கவில்லை என்றால், பயணித்த தூரத்துக்கான கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதி தரப்படும். வெள்ளத்தின் நடுவே இரண்டு இரவு கழித்தவருக்கு எது நியாயமான நேரம் என்பதை விதி சொல்வதில்லை.

உண்மையில் அதிகம் பேர் ஏமாறுவது மூன்றாவது வகையில், அதாவது 'பகுதி ரத்து' என்ற வகையில். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். திருநெல்வேலியிலிருந்து சென்னை செல்லும் ஒரு ரயிலில், சாத்தூரில் ஏறுவதற்கு ஒருவர் இணையவழியில் சீட்டு எடுத்திருக்கிறார் என்று கொள்வோம். தெற்கே தடம் சேதமடைந்ததால், அந்த ரயில் அன்று மதுரையிலிருந்தே புறப்படும் என்று அறிவிக்கப்படுகிறது. சாத்தூர்ப் பயணியைப் பொறுத்தவரை ரயில் ரத்தாகிவிட்டது. அவர் வீட்டு வாசலுக்கு அது வரப்போவதில்லை. ஆனால் ரயில்வேயின் கணினியைப் பொறுத்தவரை அந்த ரயில் ஓடுகிறது. மதுரையிலிருந்து சென்னை வரை அது போய்ச் சேர்ந்துவிடும். எனவே தானாகத் திரும்பும் பணம் இவருக்கு வராது. செய்தித்தாளில் 'ரயில் ரத்தானால் பணம் தானாக வரும்' என்று படித்துவிட்டு அவர் காத்திருப்பார். பத்து நாள் கழித்துக் கணக்கைப் பார்ப்பார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அவர் செய்ய வேண்டியது, சாத்தூரில் ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அதே File TDR பகுதியில் பகுதி ரத்துக்குரிய காரணத்தைத் தேர்ந்து கோரிக்கையைப் பதிவதுதான். ரயில் வேறு தடத்தில் திருப்பி விடப்பட்டு, நாம் ஏறும் நிலையத்தையோ இறங்கும் நிலையத்தையோ தொடாமல் போனாலும் இதே 72 மணி நேரம்தான். ஆக, தாமதத்துக்குரிய கெடு ரயில் கிளம்பும் நொடியோடு முடிகிறது. பகுதி ரத்துக்குரிய கெடு மூன்று நாள் நீள்கிறது. முழு ரத்துக்கு இணையப் பயணிக்குக் கெடுவே இல்லை. தான் எந்த வகையில் சிக்கியிருக்கிறோம் என்பதை மழையில் நனைந்தபடி நிற்கும் பயணியே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ரத்து, பகுதி ரத்து, தடமாற்றம் என்று ரயில்களை வகைபிரித்துக் காட்டும் பட்டியல் என்.டி.இ.எஸ். சேவையில் உண்டு. செய்தியை நம்புவதைவிட அந்தப் பட்டியலில் ரயில் எண் எதன் கீழ் வருகிறது என்று பார்ப்பது நல்லது.

தாமதக் கெடுவின் கடுமை எங்கள் பகுதியில் வேறொரு வடிவமும் எடுக்கிறது. இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பலருக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யில் சொந்தக் கணக்கு இல்லை. பக்கத்துக் கணினி மையத்தில் சொல்லி எடுக்கிறார்கள். எந்தக் கணக்கில் சீட்டு எடுக்கப்பட்டதோ அதற்குள் நுழைந்துதான் கோரிக்கையைப் பதிய முடியும். பணமும் அதே வழியாகத்தான் திரும்பும். நள்ளிரவு 12.30 மணிக்குக் கணினி மையம் திறந்திருக்குமா? என் தெருவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கடைக்காரனையும் கூடவே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போணும் போல" என்றார். சிரிப்பாகச் சொன்னாலும் நிலைமை அதுதான். அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் எடுத்தவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சீட்டு ரத்தாகிப் பணம் திரும்பும்போது, எவ்வளவு என்ற விவரத்தோடு ஒருமுறைக் கடவுஎண் பயணியின் கைப்பேசிக்கு வரும். அதை முகவரிடம் சொன்னால்தான் பணம் விடுவிக்கப்படும். ஆனால் அதற்கு, சீட்டு எடுக்கும்போது முகவர் தன்னுடைய எண்ணை இடாமல் பயணியின் எண்ணை இட்டிருக்க வேண்டும். சீட்டை வாங்கும்போதே அதைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

கவுன்டர் சீட்டு வைத்திருப்பவரின் நிலை ஒரு வகையில் மேல். அவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை. நிலையத்துக்குப் போய்ச் சீட்டை நீட்டினால் போதும். சிறு நிலையங்களில் முன்பதிவுக் கவுன்டர் மாலையோடு மூடிவிடும் என்பதுதான் இடர். அங்கேயே பணம் தர இயலாதபோது, ரயில் கிளம்புவதற்குள் நிலைய மேலாளரிடம் சீட்டை ஒப்படைத்து, அதற்கான ஒப்படைப்பு ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். டி.டி.ஆர். என்ற சுருக்கத்தின் பழைய பொருளே அந்தக் காகிதம்தான். அதை இணைத்துப் பத்து நாள்களுக்குள் மண்டலத் தலைமை வணிக மேலாளரின் கட்டணத் திருப்பப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். ரசீது இல்லாமல் பின்னர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

தத்கல் சீட்டு எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். உறுதியான தத்கல் சீட்டை நாமாக ரத்து செய்தால் ஒரு காசும் வராது என்பது தெரிந்ததே. ரயில் ரத்தானாலோ மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ அதற்கும் முழுத் தொகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் இதில் ஒரு வளைவு இருக்கிறது. இடம் கிடைக்கும் என்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்து சீட்டு எடுத்து, ஏறும் இடத்தைச் சாத்தூர் என்று மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். அப்படி எடுத்த தத்கல் சீட்டுக்குத் தாமதம் கணக்கிடப்படுவது, நாம் ஏறும் சாத்தூரில் அல்ல; சீட்டில் பயணம் தொடங்கும் திருநெல்வேலியில். அங்கு இரண்டே முக்கால் மணி நேரம், இங்கு மூன்றேகால் மணி நேரம் என்றால் கோரிக்கை தோற்றுவிடும்.

இவ்வளவும் ரயிலில் ஏறாதவருக்கு. ஏறிப் பயணம் செய்து, சேருமிடத்துக்கு ஐந்து மணி நேரம் தாமதமாகப் போய் இறங்கியவருக்கு இவ்விதிகளில் ஒரு ரூபாயும் இல்லை. அவருக்கு உள்ள கதவு நுகர்வோர் ஆணையம். ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2016 ஜூனில் குடும்பத்தோடு ஜம்முவுக்கு ரயிலில் சென்றார். காலை 8.10-க்குச் சேர வேண்டிய ரயில் நண்பகல் 12 மணிக்குச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்ரீநகர் செல்லும் விமானத்தைத் தவறவிட்டு, வாடகைக் காரில் போனார். மாவட்ட ஆணையம் வாடகைக் காருக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ரயில்வே உச்சநீதிமன்றம் வரை போனது. ரயில் தாமதத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்ற தன் கட்டண விதிகளைச் சுட்டிக்காட்டியது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் அனிருத்தா போஸும் அதை ஏற்கவில்லை. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று ரயில்வே விளக்கி நிரூபிக்காதவரை அது சேவைக் குறைபாடுதான் என்றது தீர்ப்பு.

இத்தீர்ப்பின் எல்லையையும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் தடம் அரித்துப்போனது நிரூபிக்க எளிதான காரணம்; அங்கே இது உதவாது. உதவக்கூடியது, காரணமே சொல்லப்படாத அன்றாடத் தாமதங்களில். அப்போதும் தாமதத்தால் தனக்கு நேர்ந்த செலவை ரசீதோடு காட்ட வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கையே நிராகரிக்கப்பட்டதென்றால், அதற்கென 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையில் அதன் அமர்வு உண்டு. 1,500 ரூபாய்க்காகச் சாத்தூரிலிருந்து சென்னை போய்வரும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு நான் போகவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் ஒருமணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் பயணி கேட்டுப் பெறலாம். நம் நாட்டில் அந்த அளவு எதிர்பார்ப்பது இப்போதைக்குப் பேராசையாகத் தோன்றலாம். நான் கேட்பது அதைவிடச் சிறியது. சாத்தூரில் எந்த ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பது ரயில்வேயின் கணினியில் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. எந்த ரயில் எந்த நிலையங்களுக்கு வராது என்பதையும் அதே கணினிதான் அறிவிக்கிறது. ரயிலுக்குள் வரும் பரிசோதகரின் கையில் இருக்கும் கருவியில், எந்தப் படுக்கையின் பயணி வரவில்லை என்பதும் குறிக்கப்படுகிறது. இந்த மூன்று தகவல்களும் தன்னிடமே இருக்கையில், முழு ரத்துக்குச் செய்வதைப்போலப் பகுதி ரத்துக்கும் பணத்தைத் தானாகத் திருப்பி அனுப்ப ரயில்வேக்கு என்ன தடை? தாமத ரயிலில் ஏறாதவருக்குத் தானாக அனுப்ப மனமில்லை என்றால், ரயில் கிளம்பும் நொடி என்ற கெடுவையாவது பகுதி ரத்துக்கு உள்ளதுபோல 72 மணி நேரமாக மாற்றலாம். பயணி பொய் சொல்லிவிடுவார் என்ற அச்சத்துக்கு இடமில்லை. சரிபார்க்கும் பதிவேடு அவரிடம் இல்லை, ரயில்வேயிடம்தான் இருக்கிறது.

அதுவரை நான் செய்வது இவ்வளவுதான். ஆடிக்கு வரும் உறவினர்களுக்கு என் சொந்தக் கணக்கிலிருந்தே சீட்டு எடுக்கிறேன். ரயில் இரண்டு மணி நேரம் பின்தங்கியதும் File TDR பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திருநெல்வேலியை விட்டு அது கிளம்பிவிட்டதா என்று பார்க்கத் தொடங்குகிறேன். போன முறை 11.40-க்குத்தான் கிளம்பியது. 12.35-க்கு நடைமேடையில் நின்றபடியே கோரிக்கையைப் பதிந்துவிட்டுப் பேருந்துக்குப் போனோம். இரண்டரை மாதம் கழித்து முழுக் கட்டணமும் வந்தது.